நான் பிடுங்கிய மஞ்சள் விளக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் கிளட்ச் இல்லாத கார் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரர் பட்டு வியாபாரி. சேவூரில் முப்பது வீடுகளுக்குப் பாவும் ஊடையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்குவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதி, இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கக் கால் இல்லை. ஆறேழு வருடம் மகன் ஓட்டும் வண்டியிலும் வாடகை வண்டியிலும் போய்வந்தவர், மலேசியாவிலிருந்து ஊரோடு திரும்பிவிட்ட ஒருவர் கூடவே கொண்டுவந்த ஜப்பான் காரைச் சென்னையில் பார்த்து வாங்கிவந்தார். ஒரே காலால் ஓட்டலாம். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்.

வேலூர் சாலையில் எனக்கு ஒரு ஒர்க் ஷாப் இருந்தது. அம்பாசிடர், பியட், மாருதி, அரிசி மில் லாரிகள், இவைதான் எனக்குத் தெரிந்த வண்டிகள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நான் திறந்து பார்த்ததே இல்லை. ஊரில் வேறு யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்த வண்டி என்னிடம் வந்தது.

முதல் தடவை வந்தபோது அண்ணா மிகவும் கலங்கிப்போய் இருந்தார்.

"இன்னான்னு தெரியலப்பா. அறுபதுல போனாலே என்ஜின் கத்துது. பெட்ரோல் குடிக்குது. மஞ்சளா ஒரு லைட்டு வேற எரிஞ்சிகினே இருக்குது."

ஸ்பீடோமீட்டர் பலகையில் "ஓ.டி. ஆஃப்" என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்ன மஞ்சள் விளக்கு. வண்டியோடு வந்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓ.டி. என்றால் ஓவர் டிரைவ். நீண்ட சாலையில் என்ஜின் நிதானமாகச் சுற்றுவதற்கான நான்காவது கியர். கியர் தண்டின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கி உள்ளே தள்ளினால் நான்காவது கியர் உண்டு, விளக்கு அணைந்துவிடும். வெளியே விட்டால் வண்டி மூன்றோடு நின்றுகொள்ளும், விளக்கு எரியும். யாருடைய கையோ பையோ அந்தப் பொத்தானில் பட்டிருக்கிறது. ஒரு விரலால் அமுக்கினேன். விளக்கு அணைந்தது.

"அவ்ளோதானா?" என்று அவர் சிரித்த சிரிப்பு கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம், ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் நம்ம ஆளுதான் என்று என்னைக் காட்டினார். எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த விளக்கைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரத்தில் இரண்டு நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். காலை எட்டு மணிக்கு அவருக்கு மிஷின் ஒதுக்கியிருந்தார்கள். விடியற்காலையில் கார் என் ஒர்க் ஷாப்பைத் தாண்டிப் போகும். முன் சீட்டில் அவர் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருப்பார். மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அண்ணிதான் வேண்டாம் என்றாராம். எனக்கு அதை அவரே சொன்னார், ஒருநாள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது.

"கல்யாணமாகி இருபத்தாறு வருசம் ஆவுது தம்பி. கடை, தறி, ஜனம்னு ஒரு நாள் நாங்க ரெண்டு பேரும் தனியா ஒக்காந்து பேசினதில்ல. இப்பதான் பேசிகினு போறோம். போவும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். அது நடுவுல டிரைவர் எதுக்கு?"

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு தடித்து மேலே எழும்பியிருந்தது. அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

ஒரு பங்குனி மாதம் அண்ணா மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அந்த மஞ்ச லைட்டு திரும்பவும் பேஜார் பண்ணுதுப்பா. இந்த வாட்டி நிக்காம மினுக்கிகினே இருக்குது."

உட்கார்ந்து பார்த்தேன். பொத்தானை வெளியே விட்டால் விளக்கு நிலையாக எரிந்தது. அது சரி. உள்ளே அமுக்கினால் அணையவேண்டும். அணையாமல், விட்டுவிட்டு மினுக்கியது. பத்துப் பதினைந்து தடவை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பொத்தானைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மினுக்கல் நிற்கவில்லை.

"வேற ஏதாவது மாத்தம் தெரியுதாண்ணா?"

"கெளம்பும்போது கொஞ்சம் சோம்பலா கெளம்புது. ஒரு வாரமாத்தான். போவப் போவ சரியாப் பூடுது."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. நான் ஏர் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்தேன். பிளக்குகளைத் துலக்கினேன். கியர்பாக்ஸ் எண்ணெயை அளவுகோலில் பார்த்தேன். சிவப்பாக, அளவாக இருந்தது. பொத்தானுக்கு வரும் ஒயர் எங்கோ தளர்ந்து ஆடுகிறது, அதனால்தான் மினுக்குகிறது என்று முடிவு செய்தேன். தெரியாது என்று என் வாய் சொல்லவில்லை.

"ஒயர் லூசுண்ணா. வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஒருநாள் விட்டீங்கன்னா பொறுமையாத் தேடிப் பாக்கறேன்."

ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஒருநாள் விட முடியாதேப்பா. நாளைக்கு ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, அவளுக்கு இது ஆவல. அங்க மிஷின்ல ஏதாவது கோளாறுன்னா இப்படித்தான் லைட்டு அடிச்சிகினே இருக்குமாம். நாலு மணி நேரம் அதையே பாத்துகினு படுத்திருக்கறா. கார்ல ஏறினா இங்கயும் அது மினுக்குதா, பேச்சே நின்னு போச்சு. அதையே பாத்துகினு வரா. எப்படியாவது அத நிறுத்திக் குடுத்துடு."

நிறுத்திக் கொடுத்தேன். ஸ்பீடோமீட்டர் பலகையை நான்கு திருகாணிகள் கழற்றி முன்னால் இழுத்தேன். பின்புறத்தில் அந்த பல்பு அதன் கூட்டோடு கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். வந்துவிட்டது. கடுகு மாதிரி ஒரு பல்பு. பலகையை மாட்டி, சாவியைத் திருப்பிக் காட்டினேன். இருட்டாக இருந்தது. அவர் என் தோளைத் தட்டினார். மறுநாள் காலை அந்தக் கார் ஒர்க் ஷாப்பைக் கடக்கும்போது அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார்.

சித்திரை பாதியில், காலை ஆறே முக்கால் இருக்கும், பக்கத்து எஸ்.டி.டி. பூத்காரர் ஓடிவந்து கூப்பிட்டார். போனில் அண்ணா. கண்ணமங்கலத்தைத் தாண்டி ஒரு பெட்டிக்கடையிலிருந்து பேசினார்.

"என்ஜின் ஓடுதுப்பா. ஆக்ஸிலேட்டர மிதிச்சா கத்துது. ஆனா வண்டி நவுரல. ஜல்தியா ஒரு வண்டி புடிச்சிகினு வா. அவளுக்கு மூச்சு எளைக்குது."

பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு அம்பாசிடரை எழுப்பிக்கொண்டு போனேன். காரின் கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே தொங்கவிட்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். பாதங்கள் வீங்கி மெட்டி தெரியவில்லை. முந்தின தடவைக்கும் இதற்கும் நடுவில் சேர்ந்த தண்ணீர் முழுக்க உடம்பில் இருந்தது. அண்ணா ஊன்றுகோலோடு சாலை நடுவில் நின்று பஸ்ஸைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பஸ் நின்றதாம். படி ஏற அண்ணியால் முடியவில்லை. இருவரையும் அம்பாசிடரில் ஏற்றி அனுப்பினேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மிஷினில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரைக்கும் அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் காரோடு அங்கேயே நின்றேன். கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுகோலை உருவினேன். ஒரு மாதத்துக்கு முன் சிவப்பாக இருந்த எண்ணெய் கருத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தது. அந்த வாடை என்ன என்று தெரிய ஆட்டோமேட்டிக் படித்திருக்கத் தேவையில்லை. மிதிக்கும் கிளட்ச் இல்லாவிட்டாலும் கியர்பாக்ஸுக்குள்ளே கிளட்ச் தகடுகள் உண்டு; அவை எரிந்துவிட்டன.

முன் சக்கரம் தரையில் உருள இந்த மாதிரி வண்டியைக் கட்டி இழுக்கக் கூடாது என்று அந்தப் புத்தகத்தில் படித்திருந்தேன். லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனேன். ஆட்டோமேட்டிக் வண்டிகள் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கை விசாரித்து வைத்திருந்தேன். அதிகம் பேசாத மனிதர். பானெட்டைத் திறந்து, ஓரத்தில் இருந்த சின்னப் பெட்டியின் மூடியைத் தூக்கி, அதிலிருந்த பல துளைகளில் இரண்டை ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். சாவியைத் திருப்பச் சொன்னார்.

"ஓ.டி. லைட்டப் பாரு. எத்தன தடவ மினுக்குதுன்னு எண்ணிச் சொல்லு."

"எரியலைங்க."

அவர் வந்து எட்டிப் பார்த்தார். பலகையைக் கழற்றினார். பின்னால் காலியாக இருந்த துளையில் விரலை வைத்தார்.

"இன்னாய்யா இது? பல்ப யாரு புடுங்கினது?"

"தெரியலைங்க" என்றேன்.

இன்னொரு பல்பைக் கொண்டுவந்து போட்டார். விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஆறு தடவை. ஒரு சின்ன இடைவெளி. இரண்டு தடவை. அப்புறம் பெரிய இடைவெளி விட்டு மறுபடியும் ஆறு, இரண்டு.

"அறுபத்திரண்டு" என்றார். "கியர் மாத்தற முதல் சோலினாய்டு வால்வுக்குக் கரண்டு போவல. சும்மா எரிஞ்சா பொத்தான் வெளிய இருக்குதுன்னு அர்த்தம். மினுக்குச்சுன்னா கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கூப்புடுதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே லைட்டுதான்."

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். ஐந்து நிமிடத்தில் என்னையும் கூப்பிட்டார். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் நுழையும் ஒயர் கற்றையில் ஒரு ஒயரை எலி கடித்து அறுத்திருந்தது. செம்பு நுனி இரண்டும் பச்சை பூத்திருந்தன. அண்ணா வீட்டில் கார் நிற்கும் இடத்துக்குப் பின்சுவர் அரிசி மில்லுடையது. எலிக்குக் குறைவே இல்லை.

"இந்த ஒயர ஒட்டியிருந்தா முடிஞ்சுருக்கும். முதல் கியரே கெடைக்காம, நிக்கற எடத்துலேர்ந்து மூணாவதுலயே கெளம்பியிருக்குது. எண்ணெ சூடாயி சூடாயி எல்லாம் எரிஞ்சு போச்சு. ஒரு மாசமா சொல்லிகினே இருந்திருக்கும். எவனோ வாயப் பொத்திட்டான்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கியர்பாக்ஸுக்குச் சாமான் இந்தியாவில் கிடைக்காது. பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே மாதிரி ஒன்று வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றார். ஐந்து மாதம் ஆனது.

அந்த மாதங்களிலெல்லாம் அண்ணி வாடகைக் காரில் வேலூர் போனார். டிரைவர் முன்னால், இவர்கள் இருவரும் பின்னால். ஒரு டிரைவர் நேரத்துக்கு வரமாட்டான். இன்னொருவன் சத்தமாகப் பாட்டுப் போடுவான். திரும்பி வரும்போது அண்ணிக்குக் குமட்டும். நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு மடியில் துண்டை வைத்துக்கொண்டு வருவாராம். நான் என் வேலையை விட்டுவிட்டுச் சில நாள் ஓட்டிக்கொண்டு போனேன். என்னோடு போகும்போதும் அவர்கள் பேசவில்லை. கண்ணாடியில் பார்ப்பேன். அண்ணி ஜன்னல் பக்கம் தலை சாய்த்திருப்பார். அண்ணா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஆடி மாதத்தில் ஒரு தடவை போகவில்லை. ஆவணியில் இரண்டு தடவை. "ஒடம்பு அசதியா கீது, வெள்ளிக்கெழமைக்குப் போயிக்கலாம்" என்று சொல்லிவிடுவாராம். அந்த மாத முடிவில் ஒரு வியாழக்கிழமை காலை மூச்சுத் திணறி, ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே இறந்துபோனார். வயது நாற்பத்தாறு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கார் சரியாகி வந்தது. சென்னையிலிருந்து நான்தான் ஓட்டி வந்தேன். அவர் வீட்டு முன்னால் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார வைத்துக் காபி கொண்டுவரச் சொன்னார். காபியைத் தொடாமல் சொன்னேன்.

"அண்ணா, அந்த லைட்டு சும்மா மினுக்கல. கியர்பாக்ஸ்ல கோளாறுன்னு சொல்லிகினு இருந்திருக்குது. எனக்கு அது தெரியல. தெரியலன்னு உங்க கிட்ட சொல்லாம பல்ப கழட்டிட்டேன். ஒரு ஒயருதான் அறுந்திருந்துது. அன்னிக்கு ஒட்டியிருந்தா…"



அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"நிறுத்தச் சொன்னது நானு தானேப்பா."

"நீங்க லைட்டத்தான் நிறுத்தச் சொன்னீங்க."

"வண்டி சோம்பலாக் கெளம்புதுன்னு தெனம் எனக்குத் தெரியும். ஓட்டறவன் நானு. லைட்டு போன பெறகு அவ மறுபடியும் பேச ஆரம்பிச்சா. சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னா. அந்த ஒரு மாசம். திரும்ப உங்கிட்ட வந்தா நீ வண்டிய விட்டுட்டுப் போவச் சொல்லுவியோன்னு நெனச்சு நான் வரல."

அவர் அழவில்லை. என்னை மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வீடு திரும்பி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னாள்.

அவர் அந்தக் காரை விற்றுவிட்டார். சில வருடம் எங்கேயும் போகாமல் கடையிலேயே இருந்தார். நான் சென்னை மெக்கானிக்கிடம் மறுபடி போனேன். பல்பு விஷயத்தில் அவரிடம் சொன்ன பொய்யை முதலில் ஒத்துக்கொண்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வேலை கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்தியாவிலேயே செய்த ஆட்டோமேட்டிக் கார்கள் வரத் தொடங்கின. அண்ணா செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊர் சொன்னது. சேவூரில் அவருக்கு நெய்து கொடுத்த ஒரு நெசவாளருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. அந்த மனிதரை வாரத்தில் இரண்டு நாள் வேலூருக்கு இவரே காரில் அழைத்துக்கொண்டு போகிறார்.

மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் என் செல்போனில் கூப்பிட்டார்.

"டி எழுத்து மினுக்குதுப்பா."

இந்த வண்டியில் ஓ.டி. விளக்கு கிடையாது. கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் எழுத்துகள்தான் பலகையில் எரியும். ஓட்டும்போது எரிகிற டி எழுத்து நிலையாக எரியவேண்டும். மினுக்கினால் அதற்கும் அதே அர்த்தம்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"வூட்லதான். சேவூர்லேர்ந்து வரும்போது மினுக்குச்சு. வந்து நிறுத்திட்டேன். எடுக்கல. நாளைக்குக் காலைல அவர அழைச்சிகினு போவணும்."

"நீங்க தொடாதீங்க. நான் வரேன். நாளைக்கு வண்டி சரியாவலன்னா என் வண்டியில நான் அழைச்சிகினு போறேன்."

டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த இரண்டு முனை இணைப்பை ஒயரால் சேர்த்துவிட்டு, அந்த எழுத்து எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணினேன். தப்பாக எண்ணிவிடக் கூடாது என்று மூன்று முறை எண்ணினேன். கியர்பாக்ஸின் வேகத்தை அளக்கும் சென்சார். அதன் சொருகு முனைக்குள் மழைத்தண்ணீர் போய்த் துரு பிடித்திருந்தது. சுத்தம் செய்து, காயவைத்து, முனையை மாற்றி, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பிழையை அழித்தேன். பிறகு அவரை ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பாளையம் வரைக்கும் போய்த் திரும்பினோம். டி எழுத்து அசையாமல் எரிந்தது. அவர் சாலையை விட அதைத்தான் அதிகம் பார்த்தார். திரும்பி வந்து நிறுத்தியபோது சட்டை முழுக்க வியர்த்திருந்தது.

"சேவூர்க்காரருக்குப் பேசவே வராதுப்பா," என்றார். "போவும்போதும் வரும்போதும் கம்முனு வருவாரு. எனக்கு அது போதும்."

அந்த நெசவாளர் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். அவர் இறந்த பிறகு அண்ணா கடையை மூடிவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். போவதற்கு முன் காரை என்னிடம் கொடுத்து, காலில் குறையுள்ள யாராவது கேட்டு வந்தால் கொடு என்றார். அப்படி ஒருவர் வந்து அதை வாங்கிப் போக எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை வாரம் ஒருமுறை பேட்டரி இறங்காமல் இருக்க அதை நான் ஸ்டார்ட் செய்து, சற்று நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பேன்.